தாம்பரம் டு தஞ்சாவூர்: ஒன்வே டாக்ஸியில் முதலில் பேச வேண்டியது வழியைத்தான்

அம்மாவுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தஞ்சாவூரில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சில வாரம் இருக்க வேண்டும் என்றார். ரயிலில் கீழ் படுக்கை கிடைக்கவில்லை. பஸ் படிக்கட்டு அவரால் முடியாது. சரி, ஒன்வே டிராப் டாக்ஸி பிடிக்கலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை உள்ளூர் ஆட்டோ, கால் டாக்ஸி தவிர வாடகைக் காருக்குப் பேரம் பேசிப் பழக்கமில்லை.

போனில் விசாரித்தேன். செடான் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400, டோல் தனி என்றார் புக்கிங் எடுத்தவர். "தாம்பரம் டு தஞ்சாவூர் 305 கிலோமீட்டர் வரும் மேடம்" என்றும் சொன்னார். 305-ஐ 14-ஆல் பெருக்கினால் 4,270. பேட்டாவோடு 4,670. டோலையும் சேர்த்தால் 5,000 ரூபாயில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, சரி என்றேன். எந்த வழியாகப் போவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இறங்கும்போது கேட்ட தொகை 6,596 ரூபாய். மீட்டர் 364 கிலோமீட்டர் காட்டியது. அதற்கு 5,096. பேட்டா 400, வெயிட்டிங் இரண்டு மணி நேரத்துக்கு 300, டோல் 800. வாசலிலேயே தம்பிக்கும் டிரைவருக்கும் வாக்குவாதம். காரிலிருந்து இறங்க முடியாமல் அம்மா கதவைப் பிடித்தபடி, "கொடுத்து அனுப்புங்கடா" என்றார். கொடுத்து அனுப்பினோம்.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோது டிரைவரின் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. மீட்டரில் பொய் எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே 364 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். திருச்சி வழியாகப் போனார், அவ்வளவுதான்.

தாம்பரத்திலிருந்து தஞ்சாவூர் போக மூன்று வழிகள் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டி வரை மூன்றுக்கும் பாதை ஒன்றுதான். விக்கிரவாண்டியில் இடது பக்கம் திரும்பிப் பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் என்று போனால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். திரும்பாமல் நேராகப் பெரம்பலூர் வரை போய், அங்கிருந்து அரியலூர் வழியாக இறங்கினால் 320 அளவில் வரும். திருச்சி வரை போய் துவாக்குடி வழியாகத் தஞ்சாவூருக்குத் திரும்பினால் 360.

பணமாகப் பார்த்தால் முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் கிலோமீட்டரில் மட்டும் 800 ரூபாய் வித்தியாசம். டோலும் அதோடு கூடுகிறது. பரனூரும் திண்டிவனம் பக்கத்து ஆத்தூரும் எப்படிப் போனாலும் வரும். திருச்சி வழியில் போனால் அப்புறம் விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், கடைசியாகத் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் வாழவந்தான்கோட்டை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அரியலூர் வழியில் திருமாந்துறையோடு நின்றுவிடும். சமயபுரமும் வாழவந்தான்கோட்டையும் இல்லை.

போனில் புக்கிங் எடுத்தவர் சொன்ன 305 கும்பகோணம் வழிக் கணக்கு. வண்டி ஓட்டியவர் போனது திருச்சி வழி. ஏன் அப்படிப் போனார் என்று அப்போதே கேட்டிருந்தேன். செங்கல்பட்டைத் தாண்டியதும், "எந்த வழியாண்ணே போறோம்?" என்றேன். "பண்ருட்டி ரோடு வேலை நடக்குதும்மா. எங்க பாத்தாலும் டைவர்ஷன். திருச்சி போயிட்டா நாலு வழி, ஒரே அழுத்து" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சாலையில் அப்போது பல இடங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது உண்மை. வண்டிக்கும் அவர் முதுகுக்கும் திருச்சி வழி சுகம். ஆனால் அந்தச் சுகத்துக்கு 60 கிலோமீட்டர் வாடகையை நான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் தாம்பரம். செங்கல்பட்டில் கேட்டுப் பயனில்லை.

அதற்குப் பிறகு இந்த மூன்று ஆண்டுகளில் அம்மாவை அழைத்துப் போகவும் அழைத்து வரவும் ஏழெட்டு முறை ஒன்வே எடுத்துவிட்டேன். இதில் எனக்கு முக்கியமாகப் புரிந்தது ஒன்று. விலையைப் பேசும் முறைதான் வண்டி போகும் வழியைத் தீர்மானிக்கிறது. கிலோமீட்டர் கணக்கு என்றால் சுற்று வழி டிரைவருக்கு நஷ்டமில்லை. பேக்கேஜ், அதாவது டோல் உட்பட மொத்தம் இவ்வளவு என்று பேசினால் நிலைமை தலைகீழ். டோலை மிச்சப்படுத்த ஊர்ச் சாலைகளுக்குள் இறங்குவார்கள். கிலோமீட்டர் குறையும், நேரம் கூடும், வேகத்தடை ஒவ்வொன்றிலும் அம்மாவின் முழங்கால் அதிரும். ஒருமுறை பேக்கேஜில் வந்தபோது பெரம்பலூரில் இறங்கி, ராத்திரி பத்து மணிக்கு அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்கும் சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்கும் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். அந்த வழியைப் பகலில் நான் குறை சொல்ல மாட்டேன். இரவில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே கிலோமீட்டர் கணக்கானாலும் பேக்கேஜானாலும் வழியைத் தனியாகப் பேச வேண்டும். "கும்பகோணம் வழி" என்று மட்டும் சொன்னால் போதாது என்பதையும் கற்றுக்கொண்டேன். இப்போது கும்பகோணம் ஊருக்குள் நுழையாமலே போக புறவழிச்சாலை இருக்கிறது. தாராசுரத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு "கும்பகோணம் வழி" என்று சொன்னால் வண்டி பைபாஸில் ஏறிவிடும். அப்புறம் திரும்பச் சொன்னால் அது கூடுதல் சுற்று. அதனால் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்: விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி ஆர்ச் கேட், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் ஊருக்குள், தாராசுரம், தஞ்சாவூர். நடுவில் இரண்டு மூன்று பெயர் திட்டமாக இருந்தால் வழி மாறாது.

இதை யாரிடம் சொல்வது என்பதில்தான் முதல் முறை நான் தவறினேன். நாம் போனில் பேசும் ஆளும் வண்டி ஓட்டி வரும் ஆளும் பெரும்பாலும் வேறு வேறு. புக்கிங் எடுப்பவர் கமிஷன் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் காலியாக இருக்கும் வண்டியை வாட்ஸ்அப் குழுவில் தேடிக் கொடுப்பார். டிரைவருக்குப் போய்ச் சேருவது "தாம்பரம் டு தஞ்சை, காலை 5, செடான், 14, பேட்டா 400" என்ற ஒரு வரி. நாம் அரை மணி நேரம் விளக்கிய அம்மாவின் முழங்கால், கழிப்பறை நிறுத்தம் எதுவும் அந்த வரியில் இருக்காது. அதனால் முந்தின இரவு டிரைவர் எண் வந்ததும் அவருக்கு நேரடியாகவே எழுதி அனுப்பிவிட்டு, உடனே ஒரு போனும் செய்துவிடுகிறேன். இந்தத் தை மாதம் அனுப்பியது இது:

"வணக்கம் தம்பி. நாளை காலை 5 மணிக்குச் சேலையூரில் பிக்கப். மூன்று பேர், அதில் ஒருவர் நெய்வேலி ஆர்ச் கேட்டில் ஏறுவார். வழி: விக்கிரவாண்டி, பண்ருட்டி, ஆர்ச் கேட், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் ஊருக்குள், தாராசுரம், தஞ்சாவூர். கி.மீ. 15 ரூபாய், எங்கள் வாசலிலிருந்து தஞ்சாவூர் வாசல் வரை மீட்டர்படி. பேட்டா 400. டோல் போகும் வழிக்கு மட்டும், எங்கள் பொறுப்பு. டிபனுக்கு அரை மணி, கழிப்பறைக்கு இரண்டு மூன்று இடம், இதற்கு வெயிட்டிங் இல்லை. தாராசுரத்தில் ஒரு மணி நேரம், அதற்கு 150. டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு, மடக்கும் வாக்கர் ஒன்று. இது சரி என்றால் 'சரி' என்று பதில் போடுங்கள்."

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "அக்கா, மத்ததெல்லாம் ஓகே. பெட்டிதான் யோசனையா இருக்கு. நம்மது கேஸ் வண்டி." நான் கேட்காமலே அவர் சொன்னது நல்லதாகப் போயிற்று. சி.என்.ஜி. வண்டியில் டிக்கியின் பாதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். இரண்டு பெரிய பெட்டி நிச்சயம் போகாது. கேரியர் உள்ள வண்டிக்குத் தனியாக 300 ரூபாய் கேட்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு பெட்டியைக் குறைத்து, துணிகளை இரண்டு பைகளில் பிரித்துக் கட்டினேன். அவை கால் பக்கம் அடங்கிவிட்டன. வாக்கர் சிலிண்டருக்கு மேல் படுக்கை வசத்தில் போயிற்று.

கேஸ் வண்டியில் இன்னொன்றும் உண்டு. வழியில் கேஸ் நிரப்ப வேண்டுமென்றால் பங்கில் வரிசை நிற்கும், அரை மணியும் ஆகலாம். நிரப்பும்போது வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் கீழே இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்கு அது சின்ன வேலை இல்லை. "ராத்திரியே ரொப்பிட்டு வந்துடுங்க தம்பி" என்றேன். நிரப்பிக்கொண்டுதான் வந்தார்.

நிறுத்தங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். ஒன்வே வாடகை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசித்துப் பார்த்தால் டிரைவரின் அவசரம் புரியும். தஞ்சாவூரில் நம்மை இறக்கிவிட்டுச் சென்னைக்குத் திரும்ப அவருக்கு இன்னொரு சவாரி வேண்டும். அது கிடைத்தால்தான் அவருக்கு லாபம். காலியாகத் திரும்பினால் நாம் கொடுத்ததில் பெரும் பகுதி எரிபொருளிலும் திரும்பும் டோலிலும் போய்விடும். திரும்பும் சவாரி மாலை நான்கு மணிக்கு உறுதியாகியிருந்தால், நாம் வழியில் உட்காரும் ஒவ்வொரு அரை மணியும் அவருக்குப் பதற்றம்தான். போகவர வண்டி எடுத்தவரிடம் இந்தப் பதற்றம் இருக்காது. முதல் பயணத்தில் வெயிட்டிங் என்று 300 ரூபாய் போட்டாரே, அது எதற்கு என்று கேட்டேன். உளுந்தூர்பேட்டையில் சாப்பிட்டது, அம்மாவுக்காக நான்கு இடத்தில் நிறுத்தியது எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்றார். அந்த உளுந்தூர்பேட்டை ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். அங்கே டிரைவர்களுக்குத் தனி மேசை, சாப்பாடு இலவசம். எங்களுக்கு இட்லி வரவே இருபது நிமிடம் ஆயிற்று.

இப்போதெல்லாம் நிறுத்தங்களை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன். சாப்பாடு, கழிப்பறை இரண்டும் பயணத்தின் பகுதி, அதற்குக் காசு கிடையாது. கோயில், கடை, உறவினர் வீடு என்றால் காசு உண்டு. மணிக்கு 100 முதல் 150 வரை கேட்கிறார்கள், அது நியாயம்தான். மூன்றாவது, பாதையை விட்டு விலகுவது. அதற்கு நேரமும் கூடும், கிலோமீட்டரும் கூடும். நெய்வேலியில் சித்தியை ஏற்றிக்கொள்வது என்றதும், "வீட்டு வாசலுக்கே வந்துடுங்களேன்" என்றார் சித்தி. டவுன்ஷிப்புக்குள் அவர் வீடு வரை போய் வர, தேடி நிற்பதையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஆர்ச் கேட் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. "சித்தி, ஆட்டோவுல ஆர்ச் கேட் வந்து நில்லுங்க, பண்ருட்டி தாண்டினதும் போன் பண்றேன்" என்றேன். ஆட்டோக் காசோடு முடிந்தது. டிரைவருக்கு அது ஒரு நிறுத்தமாகவே தெரியவில்லை.

அம்மா நீர் மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். இந்த வழியில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விக்கிரவாண்டி வரை பெரிய பெட்ரோல் பங்குகளும் ஹோட்டல்களும் நிறைய. சுத்தமான, மேல்நாட்டு வகைக் கழிப்பறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. திரும்பிப் பண்ருட்டிச் சாலையில் ஏறிய பிறகு அவை குறைந்துவிடும். அதனால் தேவைப்படுகிறதோ இல்லையோ, விக்கிரவாண்டி திரும்புவதற்கு முன் ஒரு நிறுத்தம் கட்டாயம். டிபனையும் அங்கேயே முடித்துவிடுகிறோம். "சாப்பாட்டு இடத்தை நாங்க சொல்றோம் தம்பி, உங்க சாப்பாடும் எங்களோடதான்" என்று முன்பே சொல்லிவிட்டால், ஹோட்டல் தேர்வு நம் கைக்கு வந்துவிடும். டிரைவர் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் கூடுதலாகும். இருபது நிமிடம் மிச்சமாகும்.

அடுத்தது டோல். முதல் பயணத்தில் கேட்ட 800 ரூபாயை அன்று நான் சரிபார்க்கவில்லை. பிறகு தம்பி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, திருச்சி வழியில் இருக்கும் ஏழு சாவடிக்கும் ஒருவழிக் கட்டணம் 500-க்குள்தான் வந்தது. மீதி எங்கே என்று கேட்டு அந்த டிரைவருக்குப் போன் செய்தோம். "திரும்பி வரணும்ல சார்" என்றார். அதாவது அவர் திரும்பிப் போகும் டோலையும் சேர்த்திருக்கிறார். ஃபாஸ்டேக்கில் 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால், திரும்பும் பயணத்துக்குப் பாதிக் கட்டணம்தான் பிடிப்பார்கள். போகவர இரண்டும் சேர்த்து ஒன்றரை மடங்கு. அந்தப் பாதியைத்தான் எங்கள் தலையில் வைத்திருந்தார். ஒன்வேயில் கிலோமீட்டர் விலை போகவர விலையைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாக இருப்பதே இந்தத் திரும்பும் செலவுக்காகத்தான். டோலிலும் தனியாக வாங்கினால் ஒரே செலவுக்கு இரண்டு முறை கொடுத்தது போலாகும். அதனால்தான் "போகும் வழிக்கு மட்டும்" என்ற சொல்லை இப்போது விடாமல் எழுதுகிறேன்.

டோல் தொகையைத் தெரிந்துகொள்வது சுலபம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் tis.nhai.gov.in தளத்தில் ஒவ்வொரு சாவடியின் கட்டணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில சாவடிகளில் ஏப்ரல் 1-லும் மற்றவற்றில் செப்டம்பர் 1-லும் கட்டணம் மாறும். ஆகவே போன வருஷக் கணக்கை வைத்துப் பேசாதீர்கள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை துண்டு துண்டாக நான்கு வழியாகி வந்தது, புதுச் சாவடிகளும் சேர்ந்திருக்கலாம். புறப்படும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டியில் போகும்போது இன்னும் சுலபம். சாவடிக்குச் சற்று முன்னால் சாலையோரம் பெரிய பலகை இருக்கும். அதில் முதல் வரி கார், ஜீப், வேன். பக்கத்தில் முதல் எண் ஒருவழிக் கட்டணம், இரண்டாவது போகவர. அந்த முதல் எண்ணை மொபைலில் குறித்துக்கொண்டே போனால், இறங்கும்போது கூட்டிச் சொல்லிவிடலாம். பணம் பிடித்த குறுஞ்செய்தி வண்டி உரிமையாளருக்குத்தான் போகும். டிரைவரிடம் ரசீது கேட்டால் அவர் கையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

இன்னொரு அனுபவம். சென்ற மார்கழியில் தஞ்சாவூரிலிருந்து அம்மாவை அழைத்து வந்தபோது, பரனூரில் தடுப்புக் கட்டை தூக்கவில்லை. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ஊழியர் கையில் வைத்திருந்த கருவியைக் கண்ணாடிக்கு நேரே நீட்டிப் பார்த்துவிட்டு, "பேலன்ஸ் இல்லீங்க" என்றார். ஃபாஸ்டேக் செல்லவில்லை என்றால் அப்போது ரொக்கமாக இரு மடங்கு கட்ட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 15 முதல் யூ.பி.ஐ.-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. டிரைவர் பதற்றத்தில் பர்ஸிலிருந்து ரொக்கத்தை எடுக்கப் போனார். "இருங்கண்ணே, ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்று என் போனிலிருந்து கட்டினேன். வெளியே வந்ததும் பலகைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு கூடுதல் எவ்வளவு என்று சொன்னேன். "அது என் தப்புதாங்க" என்று ஒத்துக்கொண்டார். அன்று முதல், "டேக்குல பணம் இருக்கா தம்பி?" என்று கிளம்பும்போதே கேட்டுவிடுகிறேன். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். சிலர், அதில் பணம் போடுவதற்காகவே முன்பணம் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வேண்டாம். யூ.பி.ஐ.-யில் "தஞ்சாவூர் வாடகை முன்பணம்" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

வண்டி வாசலுக்கு வந்ததும் நான் பார்ப்பது இரண்டே விஷயம். முதலில் நம்பர் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வாடகை வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டி வந்தால் நான் ஏறுவதில்லை. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீட்டில் வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பது பெரிய சிக்கல். வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டும் ஃபாஸ்டேக் பாஸும் சொந்த வண்டிகளுக்கு மட்டும்தான். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு நம்மிடம் ஒவ்வொரு சாவடிக்கும் முழு டோல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, மீட்டர். பெட்டி ஏற்றி முடிந்ததும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து, அதே வாட்ஸ்அப்பில் டிரைவருக்கு அனுப்பிவிடுகிறேன். சில வண்டிகளில் டிரைவரின் செயலிதான் கிலோமீட்டரைக் கணக்கிடும். அப்போதும் ஓடோமீட்டர் படம் கையில் இருப்பது நல்லது. செயலியை அவர் தன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஓட விட்டிருந்தால் இதில் தெரிந்துவிடும்.

தை மாதப் பயணத்துக்கு வருகிறேன். 5 மணிக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டிக்கு முன்னால் டிபன், ஆர்ச் கேட்டில் சித்தி, சேத்தியாத்தோப்பில் ஒரு டீ. அணைக்கரைப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது, கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். திருச்சி வழியில் போயிருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது. தாராசுரத்துக்குப் பத்தரைக்குள் போக வேண்டும் என்றுதான் 5 மணிப் புறப்பாட்டையே வைத்தேன். மதியம் நடை சாத்தியபின் போனால் வெயிட்டிங் கொடுத்தும் பயனில்லை. பத்து நாற்பதுக்குப் போனோம். அம்மா வாக்கரோடு மெல்ல நடந்து, யானையும் குதிரையும் சக்கரமும் செதுக்கிய அந்த முன்மண்டபத்தின் பக்கத்தில் நின்று தூண்களைத் தடவிப் பார்த்தார். வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. கால் மணிக்கு டிரைவர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் 50 ரூபாய் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

தஞ்சாவூர் வாசலில் மீட்டர் 307 கிலோமீட்டர் காட்டியது. 15-ஆல் பெருக்க 4,605. பேட்டா 400, தாராசுரம் 200, மொத்தம் 5,205. பலகையில் குறித்துவந்த டோலைக் கூட்டிச் சொன்னேன், அவரும் தன் போனில் பார்த்துத் தலையசைத்தார். காலையில் கொடுத்த 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினேன். தம்பி காபி கொண்டுவந்து கொடுத்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவருக்குப் போன் வந்தது. பாபநாசத்திலிருந்து பெருங்களத்தூருக்கு மூன்று மணிக்குச் சவாரி. "கரெக்டா இருக்கும்க்கா, ஒரு மணி நேரம் தூங்கிட்டுப் போயிடுவேன்" என்றார். உள்ளே வந்து படுக்கச் சொன்னோம். வேண்டாம் என்று எதிர்வீட்டு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.